ஆபீஸ் நாற்காலி: இரண்டரை வருடத்தில் இரண்டு ஆட்டம்

ஆன்லைனில் வாங்கிப் பிரித்து மாட்டிய நாற்காலி. வலை முதுகு, நைலான் ஐங்கால், கேஸ் லிஃப்ட், பின்னால் சாய்கிற மெக்கானிசம் என்று வழக்கமான சங்கதிதான். தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் அதில்தான் உட்காருகிறேன். உட்கார சௌகரியம், அதில் குறையில்லை. ஆனால் இரண்டு முறை ஆட்டம் கண்டது, முதலாவது முழுக்க என் தப்பு.

மாட்டும்போது பயந்தது கேஸ் லிஃப்டுக்குத்தான் (ரிப்பேர் கடைகளில் ஹைட்ராலிக் என்பார்கள், உள்ளே இருப்பது அழுத்திய நைட்ரஜன்). கடைசியில் அதுதான் சுலபமான வேலை, ஏனென்றால் அதற்கு போல்ட்டே கிடையாது. இரண்டு முனையும் லேசாகக் கூம்பிக்கொண்டே போகும், கீழ்முனை ஐங்காலின் நடுத்துளையிலும் மேல்முனை மெக்கானிசத்திலும் நாம் உட்காரும் எடையிலேயே இறுகிவிடும். அங்கே மட்டும் எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது, அந்த உராய்வுதான் பிடிமானமே. மெக்கானிசத் தகட்டில் முன்பக்கம் எது என்று அம்புக்குறி இருக்கும். அதையும் கவனித்துத்தான் பூட்டினேன்.

மூன்றாம் மாதம் இடது பக்கம் சாய்ந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். மேலேயா கீழேயா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஐங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, இருக்கையை மட்டும் கால்வட்டம் திருப்பி மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கையோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு மேலே, தகட்டிலோ மெக்கானிசத்திலோ. திரும்பாமல் தரையின் அதே பக்கமே நின்றால் கீழே, காலிலோ சக்கரத்திலோ. எனக்குக் கூடவே திரும்பியது. தம்பியை இருக்கையை ஆட்டச் சொல்லிவிட்டு நான் தரையில் படுத்து, தகடும் இருக்கையும் சேரும் இடத்தில் விரலை வைத்தேன். "என்னண்ணா, நாடி பார்க்கிறியா?" என்றான். ஆனால் விரலுக்கு நன்றாகத் தெரிந்தது, பின்பக்கம் தகடு இருக்கையை விட்டு விட்டுத் தொட்டது.

நான்கு போல்ட்டும் டைட்டாகத்தான் இருந்தன, ஆலன் கீ அசையவே இல்லை. பிறகுதான் ஸ்பிரிங் வாஷரைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் தட்டையாக நசுங்கியிருந்தன, பின்னால் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கழற்றி அளந்தால் முன்போல்ட் 25 எம்எம், பின்னது 35. கைப்பிடிக்கு வந்த நீள போல்ட் இரண்டை இங்கே போட்டிருக்கிறேன்! அதில் மேல்பாதியில் மரை கிடையாது, அந்த வழவழப் பகுதி நட்டில் முட்டி நின்றுவிட்டதால் கைக்கு இறுகியது போலத் தெரிந்ததே தவிர, தகட்டை அது பிடிக்கவே இல்லை. கைப்பிடியிலோ குட்டை போல்ட் இரண்டு மூன்று மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாற்றிப் போட்டேன். இந்த முறை நான்கையும் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு, குறுக்குக் குறுக்காக இறுக்கினேன். ஒன்றை முதலிலேயே முழுக்க முறுக்கினால் மற்ற துளைகள் நேராக வராமல் மரை கோணிக்கொள்ளும். ஸ்பிரிங் வாஷர் தட்டையானதும் இன்னொரு சின்ன முறுக்கு, அவ்வளவு போதும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் பிளைவுட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் நட்டு பிய்த்துக்கொண்டு வரும், அப்புறம் இருக்கைத் துணியைப் பிரிக்க வேண்டியதுதான். ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு இன்னொரு கால் சுற்று ஏறியது, அதோடு சரி.

இரண்டாவது ஆட்டம் இரண்டு வருடம் கழித்து. இருக்கையைத் திருப்பிப் பார்த்தேன், ஆட்டம் ஜன்னல் பக்கமே நின்றது. கவிழ்த்தால் ஒரு சக்கரத்தின் இரட்டைச் சில்லில் ஒன்று அச்சோடு விரிசல் விட்டிருந்தது, மற்றவற்றில் தலைமுடி பந்து பந்தாகச் சுற்றியிருந்தது. ஐந்தையும் சேர்த்தே மாற்றலாம் என்று அவசரத்தில் 10 எம்எம் தண்டுள்ள செட்டை வாங்கிவிட்டேன். நாற்காலியைத் தூக்கினால் சக்கரங்கள் கீழே விழுந்தன. பெரும்பாலான நாற்காலிகளுக்கு 11 எம்எம், ஆனாலும் பழையதைப் பிடுங்கி அளந்துவிட்டு வாங்குங்கள். புதியதைச் செருகும்போது 'க்ளிக்' என்று வளையம் பிடிக்கும் வரை அழுத்த வேண்டும்.

இப்போதும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் ஒன்றிரண்டு எம்எம் அசைகிறது. அது கேஸ் லிஃப்டின் உள்குழாய் வழுக்குவதற்காக விட்ட இடைவெளி, புது நாற்காலியிலும் இருக்கும். உயரம் தானாக இறங்காத வரை அதை நான் தொடப்போவதில்லை.