அமில, காரச் செய்முறைக்கு ஊதா கோஸா, செம்பருத்தியா?

மேலூர்ப் பக்கம் நான் பாடம் எடுக்கும் பள்ளியில், போன மாதம் ஏழாம் வகுப்புக்கு இயற்கை நிறங்காட்டிச் செய்முறை வைத்தேன். வழக்கமாகச் செம்பருத்திதான். இந்த முறை மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு ஊதா கோஸும் வாங்கி வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இனி என் ஓட்டு கோஸுக்குத்தான்.

செம்பருத்திக்குச் செலவே இல்லை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் செடி நிற்கிறது. கோஸ் மலைக் காய், எல்லா நாளும் கிடைக்காது; கிடைத்தாலும் பச்சைக் கோஸைவிட விலை அதிகம். ஆனால் அரைக் கோஸே ஒரு வகுப்புக்கு மிஞ்சும்.

இரண்டிலும் நிறம் மாற்றுவது ஆந்தோசயனின் என்கிற சாயம்தான். அமிலப் பக்கம் இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. எலுமிச்சைச் சாறு விட்டால் கோஸ் நீர் சிவப்பாகிறது, செம்பருத்தி நீர் அடர்ந்த இளஞ்சிவப்பாகிறது. புளித் தண்ணீரிலும் அப்படித்தான். இதுவரை செம்பருத்திமேல் எந்தக் குறையும் இல்லை.

வித்தியாசம் காரப் பக்கத்தில்தான் வருகிறது. மூன்று டம்ளரில் சமையல் சோடா, சலவைச் சோடா, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் ஆகியவற்றை வைத்தோம். பிஎச் மதிப்பு முதலாவதற்கு எட்டை ஒட்டியும், அடுத்ததற்குப் பதினொன்றை ஒட்டியும், சுண்ணாம்பு நீருக்குப் பன்னிரண்டுக்கு மேலும் இருக்கும். செம்பருத்தி மூன்றிலும் பச்சைதான் காட்டியது. முதல் டம்ளரில் கொஞ்சம் அழுக்குப் பச்சை, அவ்வளவுதான். கோஸோ முதலாவதில் நீலம், இரண்டாவதில் பச்சை, மூன்றாவதில் மஞ்சள் கலந்த பச்சை என்று படிப்படியாகக் காட்டியது. காரம் என்று மட்டும் சொல்லாமல், எது மென்மையான காரம், எது கடுமையானது என்று பிள்ளைகளே வரிசைப்படுத்திவிட்டார்கள்.

சுண்ணாம்பு டம்ளரைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தோம். பச்சை வடிந்து முழு மஞ்சளாகிவிட்டது. சமையல் சோடா டம்ளரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்புக்குத் திரும்பியது. மஞ்சளாகிப்போன டம்ளரில் எவ்வளவு பிழிந்தும் பழைய நிறம் முழுதாக வரவில்லை. கடுமையான காரத்தில் சாயத்தின் மூலக்கூறே சிதைந்துவிடுவதுதான் காரணம். அதனால் சுண்ணாம்பு நீரின் நிறத்தை உடனே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாமதித்தால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு நிறம் எழுதும்.

இந்த நுணுக்கத்தால் கோஸுக்கு ஒரு தொல்லையும் உண்டு. முதல் தடவை போர் தண்ணீரில் கோஸை வேகவைத்தேன். சாறு ஊதாவாக இல்லாமல் நீலமாகவே இறங்கியது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது, அது லேசான காரம். அதே கோஸை கேன் தண்ணீரில் வேகவைத்ததும் நல்ல ஊதா வந்தது. அப்புறம் அந்தப் போர் தண்ணீரையே ஒரு டம்ளரில் ஊற்றிச் சோதனைப் பொருளாக வைத்துவிட்டேன். செம்பருத்தி அதில் சாம்பல் பூத்த ஊதாவாக நின்றது. அதை நடுநிலை என்றும் எழுதலாம், காரம் என்றும் எழுதலாம். கோஸ் நீலமாகித் தெளிவாகச் சொல்லிவிட்டது. "சார், நாம குடிக்கிற தண்ணியே காரமா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அடுத்த வருடமும் கோஸ் வாங்குவேன்.

செய்முறை இதுதான். பொடியாக நறுக்கிய கோஸ் இரண்டு கைப்பிடி, கேன் தண்ணீர் கால் லிட்டர், எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடக் கொதி. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அந்த உலோகத்தோடு சேர்ந்தாலும் இந்தச் சாயம் நிறம் மாறும். ஆறியதும் டீ வடிகட்டி போதும். சாறு மிகவும் கறுத்திருந்தால் எல்லா டம்ளரும் ஒரே மாதிரி தெரியும். டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் கலக்குங்கள்.

செம்பருத்தியில் காம்பு, பச்சை இதழ், மகரந்தத் தண்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சிவப்பு இதழை மட்டும் சூடான நீரில் ஊறவையுங்கள். கையால் கசக்கினால் கொழகொழவென்று ஆகி வடியவே வடியாது. நான் பார்த்தது ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தியை மட்டும்தான், அடுக்குப் பூவில் செய்ததில்லை.

கோஸ் சாறு வெளியில் இருந்தால் மறுநாளே நாற்றம் எடுத்துவிடும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, பாடத்தன்று காலையில் எடுத்தால் நிறம் அப்படியே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாத பள்ளிக்குச் செம்பருத்திதான் சரி: காலையில் பறித்து, பத்து மணிக்கு ஊறவைத்து, மதியத்துக்குள் முடித்துவிடலாம். அமிலமா காரமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிற பாடத்துக்கு அது தாராளமாகப் போதும்.