120/80: மேல் எண்ணும் கீழ் எண்ணும்

பிபி பார்த்து 120/80 என்று எழுதித் தருகிறார்கள். மேலே உள்ள 120 சிஸ்டாலிக்: இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏறும் உச்ச அழுத்தம். கீழே உள்ள 80 டயஸ்டாலிக்: இதயம் தளர்ந்து மறுபடி ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் நேரத்தில், அடுத்த துடிப்புக்குச் சற்று முன் இருக்கும் குறைந்தபட்ச அழுத்தம்.

சரி, இதயம் ஓய்வில் இருக்கும்போது அழுத்தம் ஏன் பூஜ்ஜியத்துக்கு இறங்குவதில்லை? ரத்தம் பாயும்போது பெருந்தமனி பலூன்போல விரிகிறது. வால்வு மூடியதும் அது பழைய அளவுக்குச் சுருங்கி, ரத்தத்தைத் தொடர்ந்து முன்னே அனுப்புகிறது. வயதாகித் தமனி விறைத்தால் இந்த விரிவு குறையும். மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். அதனால் திரும்பத் திரும்ப 160/70 வந்தால், கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்க அந்த 160 ஒன்றே போதும்.