சிசாட் பத்திகள்: ஊகித்து விடையளிப்பதா, விட்டுவிடுவதா?

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டில், ஐயமுள்ள கேள்விகளை விட்டுவிடுவதா, ஊகித்து நிரப்புவதா என்பதைத் தேர்வறைக்குள் நுழையுமுன் முடிவு செய்துவிட வேண்டும் என்று நான் கருதியதால், இரண்டையும் மாதிரித் தேர்வுகளில் மாறி மாறிச் செய்து பார்த்தேன். ஒரு பத்தியைப் படித்து விடையளிக்கும் கேள்விகளைப் பொறுத்தவரை, நான் இறுதியில் தேர்ந்துகொண்டது ஊகத்தையே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

கணக்கு எளியது. 80 கேள்விகள், 200 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 2.5 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83, கழிக்கப்படும். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நிரப்பினால் நீண்டகால நோக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு தெரிவைச் சரியாக நீக்கிவிட்டால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.28, இரண்டை நீக்கினால் 0.83 மதிப்பெண் கிடைக்கும். விட்டுவிட்டால் பூஜ்ஜியம். இந்த அளவில் நிறுத்திக்கொண்டு, ‘ஒன்றை நீக்கினாலே நிரப்பிவிடலாம்’ என்று பலரும் சொல்கிறார்கள்.

எல்லாம் ‘சரியாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கிறது. நாம் நீக்கிய தெரிவே சரியான விடையாக இருந்துவிட்டால், எஞ்சிய மூன்றில் எதைத் தொட்டாலும் 0.83 போய்விடும். அந்த நீக்கம் நான்கில் ஒரு முறை தவறினால் போதும், மூன்றில் ஒன்று என்று நாம் எண்ணிய வாய்ப்பு மீண்டும் நான்கில் ஒன்றாகிவிடும். கண்ணை மூடி நிரப்பியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே எத்தனை தெரிவுகளை நீக்கினோம் என்பதைவிட, எதை வைத்து நீக்கினோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு பத்தி இப்படி முடிகிறது என்று கொள்வோம்: “குளங்களைத் தூர்வாருவதால் மட்டும் நிலத்தடி நீர் உயர்ந்துவிடாது, வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் ஆழமான குளமும் வறண்டே கிடக்கும்.” இதிலிருந்து பெறக்கூடிய மிகப் பொருத்தமான முடிவு எது என்பது கேள்வி. (அ) தூர்வாருவது வீண்செலவு. (ஆ) குளப் பராமரிப்பில் வரத்துக் கால்வாயையும் சேர்த்தே கருத வேண்டும். (இ) நிலத்தடி நீர் குறைய வரத்துக் கால்வாய் அடைப்பே முதன்மைக் காரணம். (ஈ) மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டும்.

‘மட்டும்’ என்ற சொல்லே (அ)-வை நீக்கிவிடுகிறது. (ஈ) பத்தியில் இல்லவே இல்லை. இவை இரண்டும் பத்தியின் வரியைச் சுட்டிக்காட்டிச் செய்யும் நீக்கங்கள் என்பதால், ஆ, இ இரண்டுக்கும் இடையே மனம் தெளியாவிட்டாலும் அங்கே நிரப்புவதே நல்லது. மாறாக, (ஆ) மிகச் சாதாரணமாக இருக்கிறது, இவ்வளவு எளிதாகக் கேட்க மாட்டார்கள் என்று ஒருவர் அதை அடித்துவிட்டால், அவர் நீக்கியது விடையையே. பத்திக்கு வெளியே படித்த செய்தியை நினைத்து (ஈ)-யைத் தக்கவைப்பவருக்கும் வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட முடியாத நீக்கத்தை நான் நீக்கமாகவே எண்ணுவதில்லை. அத்தகைய கேள்வியை விட்டுவிடுகிறேன்.

இரண்டு கூற்றுகளைத் தந்து ‘1 மட்டும், 2 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை’ என்று கேட்கும் வகையில் இது இன்னும் சாதகமாக அமைகிறது. ஒரே ஒரு கூற்றை வரியைக் கொண்டு உறுதி செய்துவிட்டால் இரண்டு தெரிவுகள் தாமே விழுந்துவிடும்.

விட்டுவிடுவதற்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் உண்டு. இது தகுதித் தாள். 33 விழுக்காடு, அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும், அதற்கு மேல் எடுப்பது தரவரிசையில் சேராது. உறுதியான விடைகளாலேயே அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டிவிட்டவருக்கு ஊகம் தேவையற்ற இடர்தான். ஆனால் 28 கேள்விகளுக்கு விடையளித்து அவற்றுள் 24 சரியாக அமைந்தவரின் நிலை 56.67. அவர் மற்றவற்றை விட்டுவிட்டால் தோல்வி உறுதி. இரண்டு தெரிவுகளாகக் குறுகிய 12 கேள்விகளை நிரப்பி ஆறு சரியானால் 66.67 என்று தேறிவிடுவார். ஐந்து மட்டும் சரியானால் 63.33 என்று நின்றுவிடுவார். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு 56-உம் 63-உம் ஒன்றுதான் என்பதால், அங்கே விட்டுவிடுவதால் காப்பாற்றப்படுவது எதுவுமில்லை.

தம் நீக்கம் எவ்வளவு நம்பத்தக்கது என்று அறிய, மாதிரித் தேர்வின் வினாத்தாளில் ஊகித்த கேள்விகளுக்கு மட்டும் ஒரு முக்கோணம் இட்டு, பின்னர் அவற்றைத் தனியே திருத்திப் பார்க்கலாம். நான்கில் ஒன்றுக்கு மேல் சரியாக வந்தால் ஊகம் பயன் தருகிறது. பத்துப் பன்னிரண்டு கேள்விகளை வைத்து முடிவு கட்டக் கூடாது. பல தேர்வுகளின் முக்கோணங்கள் சேர வேண்டும்.

நேரமின்றிப் படிக்கவே படிக்காத கடைசிப் பத்தியை என்ன செய்வது என்பதில் என் அனுபவம் போதாது. கணக்கு அதை லாப நட்டமற்றது என்கிறது; நான் 66-ஐத் தாண்டிவிட்டதாகத் தோன்றும்போது அதைத் தொடுவதில்லை.