பம்பா, விக்கா: பேட் பெயராமல் கெப்பாசிட்டரைக் கழற்றுதல்

பழைய டிவி ஒன்றின் பவர் சப்ளை போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றுவதற்காக, சென்னை ரிச்சி தெருவில், உருகிய சால்டரை, அதாவது பற்றவைப்பு ஈயத்தை, உறிஞ்சி எடுக்கும் டீசால்டரிங் பம்பையும், அதைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் செப்புப் பின்னலான விக்கையும் சேர்த்தே வாங்கினேன். இரண்டையும் அதே போர்டில் பயன்படுத்திப் பார்த்த பின் என் சாய்வு பம்பின் பக்கமே இருக்கிறது. விலை ஒரு பொருட்டல்ல. கெப்பாசிட்டரின் கால் பற்றவைக்கப்பட்டிருக்கும் செப்புத் திட்டான பேட்டின் மேல் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பழுப்பு நிற போர்டு ஒருபக்க பினாலிக் வகை. அதன் துளைகளுக்குள் செப்புப் பூச்சு கிடையாது. பேட் வெறும் பசையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடு நீடித்தால் பசை இளகிவிடும். அதன்பின் கெப்பாசிட்டரின் காலை லேசாக நெம்பினாலே பேட் கையோடு வந்துவிடும். விக்கைப் பயன்படுத்தும்போது செப்புப் பின்னலும் சேர்ந்து சூடேற வேண்டியிருப்பதால் சால்டரிங் அயர்னைக் கூடுதல் நேரம் வைக்க நேர்கிறது; கையும் தன்னை அறியாமல் அழுத்துகிறது. ஈயம் உறைந்த பின் விக்கை இழுத்தால், அதனுடன் பேட்டும் பெயரும்.

பம்பில் வேலை செய்ய, முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, பெரிய கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிட்டதை மீட்டரில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு பழைய இணைப்பின்மேல் வெள்ளீயமும் காரீயமும் கலந்த 63/37 ஈயத்தைப் புதிதாகச் சிறிது சேர்க்க வேண்டும். அது 183 டிகிரியில் உருகும். பழைய இணைப்பில் இருப்பது காரீயமில்லா சால்டர் என்றால், அது உருகுவதற்கு ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்குவதோடு சூடும் சீராகப் பரவும். சுமார் 350 டிகிரியில் உள்ள அயர்ன் முனையைக் காலும் பேட்டும் ஒருசேரத் தொடும்படி வைத்து, ஈயம் முழுவதும் பளபளத்து இளகியதும் பம்பின் மூக்கை அருகில் கொண்டுவந்து பொத்தானை அழுத்த வேண்டும். மூக்கை பேட்டின்மேல் ஊன்றக் கூடாது; ஸ்பிரிங் பின்னுதைக்கும்போது இளகிய பேட் அடிபடும்.

ஆறியபின் காலை டுவீசரால் அசைத்துப் பாருங்கள். கால் மட்டும் துளைக்குள் ஆடினால் கழற்றலாம். காலோடு பேட்டும் அசைந்தால் ஈயம் இன்னும் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது மேலும் சுட்டுக்கொண்டிராமல், ஆறவிட்டு, புதிய ஈயம் நிரப்பி மீண்டும் உறிஞ்சுவதே பாதுகாப்பானது.

கால் வெளியே வந்த பிறகு பேட்டில் எஞ்சும் மெல்லிய படலத்தை எடுக்க விக்தான் சிறந்தது. ஈயம் எளிதில் ஓட உதவும் பிளக்ஸைத் தடவி, விக்கையும் அயர்னையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். நம் கடற்காற்றில் திறந்து கிடக்கும் விக் கறுத்துப்போய் ஈயத்தை உறிஞ்சாது; கறுத்த நுனியை வெட்டிவிட்டு, மீதியை மூடிய கவரில் வைப்பது நல்லது.

இருபக்க போர்டுகளில் துளையின் உட்பூச்சு பேட்டைத் தாங்கிப் பிடிப்பதால் அச்சம் சற்றுக் குறைவு. ஆனால் அகன்ற கிரவுண்ட் செப்போடு சேர்ந்த கால்களில் சூடு பரவிப்போவதால், பம்ப் உறிஞ்சுமுன்பே உள்ளே ஈயம் உறைந்துவிடுவதுண்டு. பல அடுக்கு போர்டுகளில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. அவற்றுக்கு இந்த முறையைத் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன்.