பச்சை டிக்கை நம்பாதீர்கள்: பாமினி நோட்ஸிலிருந்து பொய்யாக எழுதப்பட்ட கேள்வி அட்டைகள்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், குறிப்பாகத் தமிழ்வழி நோட்ஸை வைத்துப் படிப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பாட நோட்ஸ் பிடிஎஃபை ஏற்றினால் ஏஐ மூலம் மனப்பாட அட்டைகளும் பயிற்சி வினாக்களும் தயார் செய்து தருவதாகச் சொல்லும் ஒரு செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். ஒவ்வொரு அட்டையின் கீழும் பக்க எண், பக்கத்தில் ஒரு பச்சை டிக், அதன்கீழ் 'மூலப்பக்கத்துடன் சரிபார்க்கப்பட்டது' என்ற வரி. அந்த வரிக்காகத்தான் பணமே கட்டினேன். அது பொய் என்று என்னால் காட்ட முடியும்.

எங்கள் பயிற்சி வகுப்பில் உள்ளாட்சி பற்றிய நோட்ஸ் நல்ல நோட்ஸ். சார் பல ஆண்டுகளாகச் சேர்த்துத் திருத்தி வைத்திருப்பது. புத்தகத்தில் பழைய தகவல் இருக்கும் இடங்களில் புதியதைச் சேர்த்திருப்பார். அதை ஏற்றியவுடன் அழகான அட்டைகள் வந்தன. 73ஆவது திருத்தம், 11ஆவது அட்டவணையில் 29 துறைகள், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 என்று எல்லாம் சரியாக இருந்தன. நானும் என்னோடு படிக்கும் பெண்ணும் அதை வைத்தே ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டோம்.

கிராம சபை அட்டையில்தான் மாட்டியது. 'தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு எத்தனை முறை கூட வேண்டும்?' என்று கேள்வி. விடை: நான்கு முறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பக்கம் 38, பச்சை டிக். அவள் அச்செடுத்த நோட்ஸைப் புரட்டிவிட்டு, "அக்கா, 38ல ஆறு தேதி இருக்கே, சார் கட்டம் போட்டே கொடுத்திருக்காரே" என்றாள். இருந்தது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் 2022இல் சேர்க்கப்பட்டு ஆறானதை சார் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். தேர்வில் கேட்பதற்கென்றே இருக்கும் இடம் அது.

அடுத்தது பெண்களுக்கான இட ஒதுக்கீடு. அட்டை 'மூன்றில் ஒரு பங்கு' என்கிறது. அரசியலமைப்பின் 243D பிரிவு சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். ஆனால் டிக் போட்டுக் காட்டிய பக்கத்தில் இருப்பது தமிழ்நாட்டின் நிலை: 2016 திருத்தத்துக்குப் பிறகு பாதி இடங்கள் பெண்களுக்கு. சார் 'சரிபாதி' என்று எழுத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்த யாராலும் மூன்றில் ஒரு பங்கு என்று விடை எழுத முடியாது.

அப்படியானால் அது பக்கத்தைப் படிக்கவே இல்லையா? அந்தச் சந்தேகத்தில் பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். 'கிராம சபை' என்று கண்ணுக்குத் தெரிந்த இடம் `fpuhk rig` என்று வந்தது. 'ஊராட்சி' என்பது `Cuhl;rp` ஆனது.

பாமினியில் டைப் செய்தவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைக் காட்டுகிறது. நம் கண்ணுக்கு அது தமிழ். ஆனால் பிடிஎஃபிலிருந்து எழுத்தை உருவியெடுக்கும் நிரலுக்குக் கிடைப்பது `fpuhk rig`தான். யூனிகோடில் டைப் செய்த நோட்ஸில் இந்தச் சிக்கல் வராது. நம் ஊரில் பயிற்சி மையங்களின் நோட்ஸும் டிடிபி கடைகளில் அடித்த பழைய கோப்புகளும் எவ்வளவு இன்னும் பாமினியில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இதில் மோசமான இடம் ஒன்று உண்டு. பாமினியில் எண்கள் மாறுவதில்லை. 73, 29, 1994, 243 எல்லாம் அப்படியே வரும். ஆக, அந்தச் செயலியின் கைக்குக் கிடைத்தது குப்பை எழுத்துகளுக்கு நடுவே சரியான எண்கள். அதை வைத்து 'இது பஞ்சாயத்து ராஜ் பாடம்' என்று ஊகித்து, இணையத்தில் பரவிக் கிடக்கும் பொதுத் தகவலிலிருந்து அட்டைகளை எழுதிவிட்டது என்றே நினைக்கிறேன். அதனால்தான் பெரும்பாலான அட்டைகள் சரியாக இருந்து நம்பிக்கை வந்தது. எங்கெல்லாம் சார் பொதுத் தகவலிலிருந்து விலகிப் புதியதைச் சேர்த்தாரோ, அங்கெல்லாம் தவறு. நாம் நோட்ஸ் வாங்குவதே அந்த இடங்களுக்காகத்தான்.

ஊகமாக விட்டுவிட மனம் வரவில்லை. வேர்டில் பாமினியில் ஒரே ஒரு பத்தி அடித்தேன். இல்லாத ஓர் ஊராட்சி, அதன் அலுவலகத்துக்கு நீல நிறக் கதவு, கூட்டம் நடக்கும் அறையில் 14 நாற்காலிகள், தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இதை யாரும் வேறெங்கும் படித்திருக்க முடியாது. பிடிஎஃபாக்கி ஏற்றினேன். வந்த அட்டைகளில் கதவும் இல்லை, நாற்காலியும் இல்லை, தபால்காரரும் இல்லை. '14ஆவது நிதிக்குழு' பற்றி ஓர் அட்டை வந்தது. பக்கம் 1, பச்சை டிக். அதே பத்தியை யூனிகோடில் அடித்து ஏற்றியபோது நீலக் கதவு முதல் அட்டையிலேயே வந்துவிட்டது. ஆக, யூனிகோடைப் படிக்கிறது. பாமினியைப் படிக்க முடியாதபோது 'படிக்க முடியவில்லை' என்று சொல்லாமல் டிக் போட்டுவிடுகிறது. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வதற்கு ஏமாற்று என்றுதான் பெயர்.

இதையெல்லாம் படமெடுத்து அனுப்பினேன். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "மேடம், பக்க எண் இருக்கில்லையா? சரிபார்ப்புன்னா அந்தப் பக்கம் உங்க ஃபைல்ல இருக்கான்னு பார்க்கிறதுதான்" என்றார். அதாவது, 38ஆம் பக்கம் என்று ஒன்று கோப்பில் இருந்தால் டிக் விழும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கணக்கில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஏஐ தவறலாம் என்று விதிமுறையில் இருக்கிறதே என்று பதில்.

எந்தச் செயலியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் நான் மேலே சொன்ன இரண்டையும் செய்துவிடுங்கள். ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பதும், பொய்ப் பத்தி ஒன்றை ஏற்றிப் பார்ப்பதும் சில நிமிட வேலை. கணினியில் பிடிஎஃபிலிருந்து எழுத்தை உருவியெடுக்கும் பாப்லர் கருவிகள் இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து நிரலுக்குக் கிடைப்பது என்ன என்று இப்படியே பார்க்கலாம்:

```
pdftotext -f 38 -l 38 notes.pdf -
```

ஒன்றுமே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதிலும் இதே ஆபத்து உண்டு. தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் பழைய எழுத்துரு. இரண்டுக்கும் வழி ஓசிஆர்தான். பக்கத்தைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தை மறுபடி படிக்க வைப்பது:

```
ocrmypdf --force-ocr -l tam+eng notes.pdf notes-ocr.pdf
```

`--force-ocr` முக்கியம். அது இல்லாவிட்டால் ஏற்கெனவே எழுத்து இருக்கும் பக்கம் என்று கருவி நின்றுவிடும். இருக்கும் எழுத்துதான் இங்கே குப்பையே. ஓசிஆர் முடிந்ததும் அதுவும் வேதவாக்கு இல்லை. துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல இருப்பதால் குழம்பும், கட்டம் போட்ட அட்டவணைகளில் வரிசை கலையும். எண்களை மட்டுமாவது அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இப்போது வேறொரு பொதுவான ஏஐ கருவியில் அட்டை செய்கிறோம். ஒவ்வொரு அட்டையிலும் கேள்வி, விடை, அதோடு பக்கத்திலிருந்து ஒரு வரி ஓர் எழுத்தும் மாறாமல் வேண்டும் என்று கேட்கிறோம். அந்த வரியை ஓசிஆர் கோப்பில் Ctrl+F போட்டுத் தேடுவோம். கிடைக்காவிட்டால் அட்டையை நீக்கிவிடுவோம், விவாதமே இல்லை. கிடைத்தால் அந்த வரி விடையைச் சொல்கிறதா என்று படிப்போம். வரி பக்கத்தில் இருக்கும், ஆனால் வேறு எதையோ பற்றி இருக்கும். இப்படியும் வருகிறது. பக்க எண்ணிலும் கவனம் தேவை. நோட்ஸின் முகப்புப் பக்கமும் பொருளடக்கமும் சேர்ந்து முன்னால் இருந்தால், அச்சில் 38 என்று இருக்கும் பக்கம் கோப்பில் 42ஆக இருக்கும்.

பயிற்சி வினாக்களுக்கு இது போதாது. 'கீழ்க்கண்டவற்றுள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள் எது?' என்று ஒரு வினா வந்தது. அ) மே 1, ஆ) ஜூன் 5, இ) நவம்பர் 1, ஈ) டிசம்பர் 10. விடை அ. மேற்கோள் வரியும் பக்கத்தில் இருந்தது, விடையும் சரி. ஆனால் இ-யும் சரியான விடை. தவறான விடைகள் என்று கொடுப்பவை உண்மையிலேயே தவறா என்பதை எந்த மேற்கோளும் காட்டாது. நான்கு தேர்வுகளையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் தேட வேண்டும். நேரம் எடுக்கும். அதனால் வினாக்களைக் குறைத்துக்கொண்டோம், அட்டைகளையே கூடுதலாக வைத்துக்கொள்கிறோம்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட ஒன்றில் சந்தா கட்டியிருப்பவர்கள் முதலில் உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். செயலியை மொபைலிலிருந்து நீக்குவதால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பொய்ப் பத்தி, அதற்கு வந்த அட்டை, டிக், கட்டண ரசீது ஆகியவற்றைப் படமாக வைத்துக்கொண்டு பேசுங்கள். நானும் அப்படித்தான் பதிந்திருக்கிறேன், இன்னும் பணம் வரவில்லை. உங்கள் நோட்ஸ் எந்த எழுத்துருவில் இருக்கிறது, ஒட்டிப் பார்த்தபோது என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். வானவில் கோப்புகளில் ஓசிஆர் எப்படி வருகிறது என்று பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அந்த எழுத்துருவில் எங்களிடம் இன்னும் இரண்டு பாடம் இருக்கிறது.