வாயைப் பிளந்த ஷூவும் மஞ்சள் ரப்பர் பசையும்: எட்டு மாதத்துக்குப் பிறகு

நண்பர் ஒருவர் தன் வாக்கிங் ஷூவைப் படம் எடுத்து அனுப்பி, "முன்னாடி வாயைப் பிளந்துடுச்சு, எந்த கம் வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தார். முன்விரல் பக்கம் ஏழு சென்டிமீட்டர் பிளந்திருந்தது. ஏற்கெனவே யாரோ சூப்பர் குளூ வைத்து ஒட்டிய அடையாளமும் தெரிந்தது. இதே நிலையில் இருந்த ஒரு ஜோடி, ரப்பர் பசையில் ஒட்டி எட்டு மாதமாகத் தினசரி நடையில் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

வாங்க வேண்டியது, தச்சர்கள் மைக்கா ஒட்டவும் சீட் தைப்பவர்கள் ரெக்சின் ஒட்டவும் வைத்திருக்கும் மஞ்சள் நிற ரப்பர் பசை. காய்ந்த பிறகும் ரப்பர் போலவே வளைந்து கொடுக்கும். சூப்பர் குளூ கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் மடங்குகிற முன்பாதத்தில் அது சீக்கிரமே விரிசல் விடும். அதைவிடப் பெரிய தொல்லை, அது விட்டுப்போகும் கடினமான படலம். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. ஆகவே முதல் வேலை சுரண்டுவது.

பிளவை விரலால் இன்னும் கொஞ்சம் திறந்து, கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை போங்கள். அரைகுறையாக ஒட்டியிருப்பதை விட்டுவைத்தால் அடுத்த பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். பழைய பசையைக் கத்தி முனையால் எடுத்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் இரு பக்கமும் பளபளப்பு முழுதும் போகும்வரை தேயுங்கள். தூசியைத் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, பத்து நிமிடம் ஆற விடுங்கள். சானிடைசர் வேண்டாம். அதில் கை வறளாமலிருக்கச் சேர்க்கும் கிளிசரின், பசைக்கும் ரப்பருக்கும் நடுவே தங்கிவிடும்.

பழைய டூத் பிரஷால் இரு பக்கமும் மெல்லிய பூச்சு போதும். துணியும் நுரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அந்தப் பக்கம் மட்டும், முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

இந்தப் பசையில் எட்டு மாதமாக மனம் ஒப்பாத ஒரே விஷயம் இதற்கு அடுத்ததுதான்: காத்திருப்பு. டப்பாவில் பத்து, பதினைந்து நிமிடம் என்றுதான் இருக்கும். வெயில் நாளில் அது சரி. மழைநாளில் அந்தக் கணக்கை நம்பினால் ஏமாற்றம்தான். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் பனி போலப் படிகிறது. அதன்மேல் ஒட்டினால் பிடித்த மாதிரி இருந்து, சில நாளில் தோல் உரிவது போலக் கழன்று வரும். கடிகாரத்தை விடுங்கள், விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள். பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் நூல் இழுக்கக்கூடாது. ரொம்ப நேரம் விட்டு ஒட்டும் தன்மை போய்விட்டால், ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சூடு காட்டினால் திரும்ப வரும். நெருக்கிப் பிடித்தால் நுரை அடி சுருங்கிவிடும்.

பிளவின் ஆழத்திலிருந்து நுனியை நோக்கி, காற்று உள்ளே சிக்காமல் அழுத்திக்கொண்டே வாருங்கள். தொட்ட இடத்தில் தொட்டதுதான், நகர்த்த முடியாது. இந்தப் பசை கேட்பது நெடுநேரப் பிடிப்பை அல்ல, முதல் அழுத்தத்தின் பலத்தை. உள்ளே துணியை இறுக்கித் திணித்து, ரப்பர் சுத்தியால் அடிப்பக்கம் முழுதும் தட்டுங்கள். பிறகு இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய பழைய சைக்கிள் டியூபை முன்பாதத்தைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். வளைந்த இடமெல்லாம் ஒரே சீராக அழுத்தும். இரும்பு கிளாம்ப் இரண்டு புள்ளியில் மட்டும் அமுக்கி, நுரையில் பள்ளம் போட்டுவிடும். ஒரு நாள் முழுதும் காலில் போடாதீர்கள், ஈரமான நாட்களில் இரண்டு நாள்.

அடிப்பாகம் நகத்தால் கீறினாலே உதிர்கிறது என்றால் அது பாலியூரித்தேன் சிதைந்த ஷூ. ஒட்டுவதற்கே அங்கு ஒன்றும் இல்லை. பளபளப்பான பி.வி.சி. அடியுள்ள பள்ளிக்கூட ஷூவுக்கும் இந்தப் பசை வேண்டாம். பி.வி.சி.யிலிருந்து கசியும் மென்மையாக்கி, பசையைக் கூழாக்கிவிடும். அதற்குப் பாலியூரித்தேன் பசைதான்.

எட்டு மாதத்தில் ஒட்டிய ஏழு சென்டிமீட்டரில் ஆறு அசையவே இல்லை. ஓரத்தில் மீதி ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கியிருக்கிறது, உப்புத்தாள் எட்டாமல் விட்ட மூலை அது. பிடிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் இது நவம்பர், நண்பர் இருப்பது சென்னையில். ஷூவைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஒட்டியதோடு ஓரத்தில் ஒரு தையலும் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.