மன்றப் பணத்தை எங்கே வைப்பது: ஜிபே, கல்லூரி அலுவலகம், கூட்டுக் கணக்கு

எங்கள் வேதியியல் துறை மன்றத்தின் பணத்தை மூன்று வருடத்தில் மூன்று விதமாக வைத்துப் பார்த்தோம். முதல் வருடம் செயலராக இருந்த அண்ணாவின் ஜிபே எண்ணில். இரண்டாம் வருடம் கல்லூரி அலுவலகத்தில். மூன்றாம் வருடம் நான் பொருளாளர். மன்றத்தின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, பொறுப்பு ஆசிரியரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்தோம். மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

உறுப்பினர்கள் 208 பேர், ஆளுக்கு 250 ரூபாய். மொத்தம் ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில் புரளும் மன்றம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். லட்சக்கணக்கில் வசூலாகும் கல்லூரி அளவிலான பேரவைக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. அங்கே அலுவலகம் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு.

ஜிபே வசூலின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. வகுப்புக் குழுவில் எண்ணைப் போட்டால் ஒரே வாரத்தில் பாதிப் பணம் வந்துவிடும். சிக்கல் பணம் வந்த பிறகுதான். அனுப்பியவர் பெயர் என்று திரையில் தெரிவது மாணவர் பெயர் இல்லை; அப்பா பெயர், அண்ணன் பெயர், சில சமயம் பக்கத்து வீட்டு மாமா பெயர். 250 ரூபாய் வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியாது. அதே கணக்கில் அண்ணாவுக்கு வீட்டிலிருந்து விடுதிக் கட்டணம் வந்தது, மெஸ் பில் போனது, பஸ் டிக்கெட் போனது. பிரிவுபசார விழாவில் சாப்பாடு குறைந்தபோது, "மன்றக் காசு என்ன ஆச்சு?" என்று இறுதியாண்டில் ஒருவர் கேட்டார். ஸ்டேட்மெண்டைக் காட்டுங்கள் என்றார்கள். எப்படிக் காட்டுவார்? அதில் அவர் வீட்டு வரவு செலவு முழுவதும் இருக்கிறது. விடுதியில் மூன்று நாள் இரவு உட்கார்ந்து, ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினோம். அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. தன் கையிலிருந்து 640 ரூபாய் போட்டிருந்தார். ஆனால் அந்த நோட்டை நம்பச் சொல்வதற்கு எங்களிடம் அவருடைய நல்ல பெயரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. நேர்மையான ஒருவரை அப்படி நிற்க வைத்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த வருடம் அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். செமஸ்டர் கட்டணத்தோடு 250 சேர்ந்துவிட்டதால் 208 பேரும் கட்டினார்கள். துரத்திப் பிடிக்கும் வேலையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் வேறு எந்த வழியும் இதற்கு ஈடாகாது. ஆனால் பணத்தை வெளியே எடுக்க, விண்ணப்பம் பொறுப்பு ஆசிரியர், துறைத்தலைவர், கண்காணிப்பாளர், முதல்வர், காசாளர் என்று ஐந்து மேசை போக வேண்டும். கருத்தரங்குக்குக் கேட்ட காசோலை வர 19 நாள் ஆனது. வந்தபோது கருத்தரங்கு முடிந்திருந்தது. சமையல்காரருக்குப் பொறுப்பு ஆசிரியர் மேடம் தன் கையிலிருந்து கொடுத்துச் சமாளித்தார். யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. எல்லா மன்றங்களின் பணமும் ஒரே கணக்கில் இருப்பதால் ஒவ்வொன்றையும் பேரேட்டில் பார்த்துத்தான் விடுவிக்க முடியும். அதே காரணத்தால், "நம்முடையதில் மீதி எவ்வளவு?" என்று உறுப்பினர் கேட்டால் நாங்களும் விண்ணப்பம் எழுதித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் கூட்டுக் கணக்கு. தொடங்குவது சுலபமில்லை. மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, யார் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதை அதில் எழுதி, முதல்வரின் கடிதம், இரண்டு பேருடைய அடையாளச் சான்றுகள், பான் எண் அல்லது படிவம் 60 எல்லாம் கேட்டார்கள். இரண்டு கையெழுத்தும் கட்டாயம் என்று வைத்ததால் எங்கள் கிளையில் ஏடிஎம் கார்டும் கிடையாது, யூபிஐயும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் குறையாகப் பட்டது. போகப் போக, அதுதான் நல்லது என்று புரிந்தது. உள்ளே பணம் வர எந்தத் தடையும் இல்லை. மாணவர்கள் தங்கள் ஃபோனிலிருந்தே கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போட்டு அனுப்பலாம். வெளியே போவதற்குத்தான் காசோலை வேண்டும், இரண்டு பேர் வேண்டும்.

வசூலில் இரண்டு விதி வைத்தோம். ஒன்று, அனுப்பும்போது குறிப்பில் வருகைப்பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எழுத வேண்டும். முழுப் பெயர் எழுதினால் ஸ்டேட்மெண்டில் பாதியில் வெட்டுப்பட்டு வருகிறது. எழுத மறந்தவர்கள் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்தால் போதும். இரண்டு, ரொக்கமாக வந்ததை அப்படியே செலவு செய்யக் கூடாது. ரசீது கிழித்து, முழுவதும் வங்கியில் கட்டிவிட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும். 136 பேர் அனுப்பினார்கள், 61 பேர் ரொக்கம் தந்தார்கள், 11 பேர் கடைசிவரை தரவில்லை. ஆக 34,000 ரூபாயும் 15,250 ரூபாயும் சேர்த்து 49,250. அந்த 11 பேரை எந்த நிகழ்ச்சியிலும் தள்ளி வைக்கவில்லை. தராதவர்களை என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. இங்கே அலுவலக முறைதான் மேல்.

வசூல் முடிந்த பிறகுதான் பட்ஜெட் போட்டோம். தொடக்க விழா 6,000, கருத்தரங்கு 22,000, பொங்கல் 8,000, பிரிவுபசாரம் 10,000. மீதி 3,250 கையிருப்பு. ஒப்புதல் படிகள் மூன்று. 500 ரூபாய் வரை பொருளாளரே செய்யலாம். 3,000 வரை செயலரும் பொறுப்பு ஆசிரியரும் சேர்ந்து ஒப்ப வேண்டும். அதற்கு மேல் என்றால் இரண்டு கோட்டேஷன், குழுக் கூட்டம், மினிட் புத்தகத்தில் பதிவு. இதில் ஓட்டை எங்கே விழும் என்றால், ஒரே செலவை இரண்டு பில்லாக உடைப்பதில். ஒரே கடை, ஒரே தேதி, 490 ரூபாய்க்கு ஒன்று, 480 ரூபாய்க்கு ஒன்று என்று வந்தால் நின்று கேட்க வேண்டும். எங்களுக்கும் பேனர் பில் அப்படி வந்தது. அவசரத்தில் ஒரு தம்பி செய்தது. குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கி, இரண்டையும் ஒரே வவுச்சரில் சேர்த்தோம்.

கருத்தரங்கின் கணக்கைச் சொன்னால் மற்றது புரியும். மதியச் சாப்பாடு 140 பேருக்கு, ஒரு சாப்பாடு 80 ரூபாய், ஆக 11,200. இதைச் சமையல்காரர் பெயருக்கே காசோலையாகக் கொடுத்தோம். சில்லறைச் செலவுக்கு 8,000 ரூபாய் முன்பணம் எடுத்தோம். சான்றிதழ் அச்சிட 2,100, மூன்று நினைவுப் பரிசு 1,350, பேனர் 900, விருந்தினர் பயணம் 1,200, ஆட்டோ 380, டீயும் வடையும் 1,960. மொத்தம் 7,890. டீக்கடை அண்ணாச்சியிடம் பில் புத்தகம் கிடையாது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் "டீ 140, வடை 70" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வெள்ளைத்தாளில் ஒட்டி, வாங்கியவரும் கூட இருந்தவரும் கையெழுத்திட்டு வவுச்சர் எண் போட்டோம். ஆட்டோவுக்கும் அப்படித்தான். மீதி 110 ரூபாயை மறுநாளே வங்கியில் கட்டினேன். முன்பணத்தை ஒரு வாரத்துக்குள் தீர்க்காவிட்டால் அடுத்த முன்பணம் கிடையாது என்பது விதி. அந்த ஒரு வாரம் முக்கியம். அதைத் தாண்டினால் எது எதற்குக் கொடுத்தது என்று மறந்துபோகும்.

இனி, நான் கூட்டுக் கணக்கைத் தேர்ந்ததற்கான உண்மையான காரணம். ஒப்புதலை எந்த முறையிலும் கட்டிவிடலாம். ஆனால் ஸ்டேட்மெண்டை ஒரு வரிகூட மறைக்காமல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடிவது இதில் மட்டும்தான். அதில் மன்றப் பணத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்டை அச்செடுத்து, ஒவ்வொரு பற்று வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் வவுச்சர் எண் எழுதி, பட்ஜெட், செலவு, மீதி என்று மூன்று பத்தியில் ஒரு தாளையும் சேர்த்து ஒட்டினோம். அனுப்பியவர்களின் வீட்டார் பெயர் வருவதால் வசூல் பக்கத்தில் மட்டும் பெயரை மறைத்து, எண்ணை விட்டுவைத்தோம். பில் கோப்பு துறை நூலகத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

கருத்தரங்கு முடிந்த வாரம் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு முதலாண்டுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, உங்க தாளில் மீதி 24,520 இருக்கு. பேங்க் பேப்பரில் 35,720 இருக்கே?" வரவு 49,250, தொடக்க விழாவுக்குப் போனது 5,640, கருத்தரங்குக்கு 19,090. கழித்தால் 24,520 சரிதான். வித்தியாசம் சரியாக 11,200. சமையல்காரர் காசோலையை இன்னும் வங்கியில் போடவில்லை. காசோலை அடிக்கட்டையைக் காட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து தாளின் அடியில் "கொடுத்தது, இன்னும் வங்கியில் கழியாதது" என்று ஒரு வரி சேர்த்தோம். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கேள்விக்குத்தான் மூன்று இரவு உட்கார்ந்தோம். இப்போது இரண்டு நிமிடம்.

இதன் பலவீனம் ஆள் மாறுவது. ஜூனில் புதுப் பொருளாளர் வந்தால் புதுத் தீர்மானம், புதுக் கடிதம், புது மாதிரிக் கையெழுத்து. எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. இதை ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். பொறுப்பு ஆசிரியரும் அதே நேரத்தில் மாறிப்போனால் இன்னும் இழுக்கலாம். அதனால் இறுதியாண்டு மாணவரைப் பொருளாளராகப் போடாமல் இரண்டாமாண்டிலிருந்து எடுப்பது நல்லது. மாற்றம் முடியும்வரை அவர் கல்லூரியில் இருப்பார். கையெழுத்து மாறும் இடைவெளியில் எந்த நிகழ்ச்சியும் வைக்க வேண்டாம்.

நான் ஒப்படைத்தபோது பாஸ்புக், காசோலைப் புத்தகம், மினிட் புத்தகம், பில் கோப்பு, ரசீதுப் புத்தகம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். 100 ரசீதில் 61 கிழித்தது, இரண்டு எழுத்துப் பிழையால் ரத்து. அந்த இரண்டின் இரு படிகளும் புத்தகத்திலேயே குத்தி இருந்தன. 64 முதல் 100 வரை வெற்று ரசீதுகள். அவற்றின் எண்களையும் பட்டியலில் எழுதச் சொன்னவள் புதுப் பொருளாளர்; அன்று பலகைக்கு முன் நின்று 11,200 எங்கே என்று கேட்ட அதே பெண்.